மிக்ஸி வாரண்டி அட்டை: எது இலவசம், எது இல்லை

(750 வாட், மூன்று ஜார் மாடல். வீட்டு உபயோகத்துக்கு மட்டும்)

பெட்டியில் இருக்கும் ஆங்கில அட்டையின் தமிழ் இது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் யாருக்கும் புரியாது என்பதால், ஒவ்வொரு நிபந்தனையும் உங்கள் சமையலறையில் என்னவாக வந்து நிற்கும் என்பதைப் பார்த்து எழுதியிருக்கிறோம். இரண்டு அட்டைக்கும் எங்காவது அர்த்தம் மாறினால், உங்களுக்கு எது சாதகமோ அதுதான் செல்லும்.

எத்தனை நாளைக்கு?

பில்லில் உள்ள தேதியிலிருந்து மிக்ஸிக்கு 2 ஆண்டு, மோட்டாருக்கு 5 ஆண்டு. இந்த "5 ஆண்டு" பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதால் முழு மிக்ஸிக்கும் 5 ஆண்டு என்று நினைத்துவிடுகிறார்கள், அப்படி இல்லை. மூன்றாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு முடியும்வரை மோட்டாரில் உள்ள கம்பிச் சுருளான காயிலும், உள்ளே சுற்றும் ஆர்மேச்சரும் மட்டும்தான் இலவசம். ஸ்விட்ச், வயர், கார்பன் பிரஷ், ஜார் எல்லாவற்றுக்கும் அப்போது காசு கொடுக்க வேண்டும், மோட்டாரைக் கழற்றி மாட்டும் கூலி 250 ரூபாயும் ஜிஎஸ்டியும் தனி. முதல் 2 ஆண்டுக்குக் கூலியும் கிடையாது.

வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்தால் அந்தப் பாகத்துக்குப் புதிதாக 2 ஆண்டு தொடங்காது. முதல் பில் தேதிதான் கடைசிவரை கணக்கு. ஆனால் மிக்ஸி எங்கள் சர்வீஸ் சென்டரில் கிடக்கும் நாட்களை வாரண்டியோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம், அது உங்கள் தப்பு இல்லையே.

எதற்குப் பொறுப்பு?

நாங்கள் செய்த வேலையிலோ போட்ட பொருளிலோ உள்ள குறைக்கு. மோட்டார் ஓடவில்லை, ஸ்விட்ச் பிடிக்கவில்லை, வேகம் மாறவில்லை, பாடியில் ஷாக் அடிக்கிறது என்றால் கொண்டுவாருங்கள். சரிசெய்து தருவோம், முடியாவிட்டால் அதே மாடலில் வேறு தருவோம். ஷாக் அடித்தால் மட்டும் இன்னொரு முறை போட்டுப் பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேராக எடுத்து வாருங்கள்.

முதல் சில நாள் லேசாகக் கருகிய வாடை வரும். காயில் மேல் பூசிய வார்னிஷ் முதல்முறை சூடாகும் வாடை அது, குறை இல்லை. பத்து நாளுக்கு மேலும் வந்தாலோ, வாடையோடு புகை வந்தாலோ அது எங்கள் பொறுப்பு.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிட்டால் பதற வேண்டாம். பிளக்கை எடுத்துவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் சிவப்பு பட்டன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். லோடு அதிகமானால் மோட்டார் எரியாமல் காப்பாற்ற அது தானாக வெளியே வரும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பட்டனை அழுத்திவிட்டுப் போடுங்கள். மோட்டார் போய்விட்டது என்று பஸ் ஏறி வந்து, இதை மட்டும் அழுத்தி வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் பலர். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எதெல்லாம் வாரண்டியில் வராது

ஓட ஓடத் தேய்கிற பாகங்கள் வராது: பிளேடு, ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர், ஜார் மூடி, மூடியில் உள்ள ரப்பர் வாஷர், கார்பன் பிரஷ், அடியில் உள்ள ரப்பர் கால். வாங்கி 30 நாளுக்குள் இவற்றில் ஏதாவது போனால் அது தேய்மானம் இல்லை, குறை, அதனால் இலவசமாக மாற்றித் தருவோம்.

கீழே விழுந்து உடைந்தது, எலி கடித்த வயர், இடி இறங்கிய அன்று பிளக்கில் இருந்து கருகியது, வோல்டேஜ் ஏறி இறங்கிப் போனது இவையும் வராது. 230 வோல்டுக்குச் செய்த மிக்ஸி இது. மிக்ஸி போட்டால் லைட் மங்குகிறது என்றால் முதலில் வீட்டு வயரிங்கைப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் எங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் அதிகம் சண்டை வருகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறோம். "மிக்ஸியைக் கழுவவே இல்லை, தண்ணி எப்படி உள்ளே போச்சு?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மைதான். தண்ணீர் போவது ஜார் வழியாக. பிளேடு சுற்றும் தண்டைச் சுற்றி ஒரு புஷ் இருக்கிறது, அது தேய்ந்தால் சட்னித் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். அரைத்து முடித்து ஜாரைத் தூக்கும்போது கப்ளரைச் சுற்றிக் கறுப்பாகப் பிசுபிசு என்று இருந்தால் அதுதான் அடையாளம். அன்றே ஜாரைக் கொண்டுவாருங்கள், முதல் 2 ஆண்டுக்குள் புஷ்ஷை இலவசமாக மாற்றுகிறோம், அப்படி ஒழுகிய தண்ணீரால் மோட்டார் போயிருந்தால் அதையும் சேர்த்தே பார்த்துத் தருவோம். ஆனால் மிக்ஸியைக் குழாயடியில் காட்டிக் கழுவியது கழற்றும்போது தெரிந்துவிடும், உள்ளே துரு பரவலாக இருக்கும். அதற்கு வாரண்டி இல்லை.

மிக்ஸியின் விவரத் தகட்டில் "30 நிமிடம்" என்று இருப்பதை ஒரே மூச்சில் அரை மணி நேரம் ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 5 நிமிடம் ஓட்டி 2 நிமிடம் நிறுத்தி, அப்படி 30 நிமிடம். கிழங்கு மஞ்சளை உடைக்காமல் முழுசாகப் போட்டு அரைப்பது, ஃப்ரீசரில் இறுகிய தேங்காயை அப்படியே போடுவது, பிளேடு சிக்கி நின்ற பிறகும் ஸ்விட்சைத் திருகுவது, இவற்றால் காயில் எரிந்தால் காயிலின் நிறமே காட்டிக்கொடுக்கும், அதற்கு நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்.

டிபன் கடை, மெஸ், ஜூஸ் கடை, கேட்டரிங்கில் போட்டால் வாரண்டி செல்லாது. வீட்டில் நாலு பேருக்கு இட்லிப்பொடி அரைத்து விற்கும் அம்மாக்கள் இது தங்களுக்கும் பொருந்துமா என்று கேட்கிறார்கள். பொருந்தாது. அது வீட்டு உபயோகம்தான், தைரியமாகக் கொண்டுவாருங்கள்.

வெளியாளிடம் பிரித்துக் காயில் கட்டினாலோ, அடியில் ஒட்டிய சீரியல் நம்பரைக் கிழித்தாலோ வாரண்டி போய்விடும். எண்ணெய் பட்டு ஸ்டிக்கர் எழுத்து அழிந்தது என்றால் அது வேறு, பில்லில் நம்பர் இருந்தால் போதும்.

மிக்ஸி ரிப்பேரில் இருந்ததால் வெளியில் மாவு வாங்கிய செலவு, விசேஷத்துக்கு அரைக்க முடியாமல் போனது போன்றவற்றுக்கு இந்த அட்டையில் பணம் கிடையாது.

எப்படிக் கேட்பது

பில், இந்த அட்டை, மிக்ஸி, மூன்று ஜாரும் கொண்டுவாருங்கள். வீட்டுக்கு ஆள் வரமாட்டார். கொடுத்ததும் தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பத்து வேலை நாளுக்குள் திருப்பித் தருவோம். அட்டையில் கடை சீல் இல்லையா, பரவாயில்லை, பில் இருந்தால் போதும்.

ஆங்கில அட்டையில் "கம்பெனி முடிவே இறுதியானது", "வழக்கு கோயம்புத்தூரில் மட்டும்" என்று இரண்டு வரி இருக்கிறது. அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை, இந்த விலைப் பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பாருங்கள், இலவசம்.

கடைகளில் தரும் பில் பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் காகிதம், சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். இன்றே போனில் போட்டோ எடுத்து வையுங்கள், தேதியும் சீரியல் நம்பரும் தெளிவாகத் தெரிந்தால் அந்தப் போட்டோவையே பில்லாக ஏற்றுக்கொள்கிறோம்.