வாய் நோயியல் பயிற்சி வினாத்தாள்: சிஸ்ட், புண், வெள்ளை-சிவப்புத் திட்டுகள்

அல்சூர் ஞாயிறு படிப்பு வட்டத்துக்காக. மூன்றாம் ஆண்டு பி.டி.எஸ். எழுதுபவர்களும் நீட் எம்.டி.எஸ்.ஸுக்குத் தயாராகிறவர்களும் சேர்ந்தே போடலாம். நோயின் பெயரைத் தேடும் முன், அது வாயில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அடிக்கோடிடுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

1. ஸ்ரீராமபுரத்துத் தையல்காரர், வயது 42. மேல் முன்பல்லில் எப்போதோ அடிபட்டு நிறம் மாறியிருக்கிறது. குளிர் வைத்தால் உணர்ச்சி இல்லை. எக்ஸ்ரேயில் வேர்நுனியைச் சுற்றி வட்டமான கருநிழல். இந்த சிஸ்ட்டின் எபிதீலியம் எதிலிருந்து வந்தது?
அ) செர்ரே எச்சங்கள் ஆ) மலாசே எச்சங்கள் இ) குறுகிய எனாமல் எபிதீலியம் ஈ) நேசோபாலட்டைன் நாளம்

விடை: ஆ. ரேடிகுலர் சிஸ்ட். தாடை சிஸ்ட்களில் மிகச் சாதாரணமானது இதுதான். மேல் முன்பல் என்றதும் பலர் ‘ஈ’ போடுவார்கள். நேசோபாலட்டைன் என்றால் நிழல் நடுக்கோட்டில், பெரும்பாலும் இதய வடிவில் இருக்கும். பல்லுக்கும் உயிர் இருக்கும்.

2. முளைக்காத கீழ்க் கடைவாய்ப்பல்லின் தலையைச் சுற்றி டென்டிஜெரஸ் சிஸ்ட். பல்லோடு அது ஒட்டுவது எங்கே?

விடை: சிமென்ட்டும் எனாமலும் சேரும் கழுத்துப் பகுதியில். விளக்கமே வேண்டாம், மனப்பாடம்.

3. கேப் ஓட்டும் 28 வயது இளைஞர். வேறு எதற்கோ எடுத்த ஓ.பி.ஜி.யில் கீழ்த்தாடைக் கோணத்திலிருந்து ராமஸ் வரை கருநிழல். முகத்தில் வீக்கமே இல்லை. திசுவில் ஆறிலிருந்து எட்டு அடுக்கு எபிதீலியம். மேலே நெளிநெளியாகப் பாராகெரட்டின். அடியில் வேலி நட்டதுபோல் வரிசையாக நிற்கும் கருநிற செல்கள். ரீட் பெக்குகள் இல்லை. நோய் எது?
அ) அமிலோபிளாஸ்டோமா ஆ) டென்டிஜெரஸ் சிஸ்ட் இ) ஒடோன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட் ஈ) ரேடிகுலர் சிஸ்ட்

விடை: இ. நிழல் இவ்வளவு நீளம், வீக்கம் மட்டும் இல்லை, இதுதான் துப்பு. இது மஜ்ஜை வழியாக முன்பின்னாக ஓடும், பக்கவாட்டில் எலும்பைத் தள்ளுவது பிறகுதான். ‘அ’வைப் போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இடம் அதற்கும் பொருந்துகிறது, ஆனால் நெளிந்த பாராகெரட்டின் அதில் கிடையாது. சுவர் மெல்லியது, சுரண்டும்போது கிழியும், மகள் சிஸ்ட்கள் தங்கிவிடும்; அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதைக் கட்டி என்று மாற்றி, 2017இல் மறுபடி சிஸ்ட் ஆக்கியது. பழைய குறிப்பேட்டை நம்பிப் போகாதீர்கள்.
வைவாவில் அடுத்த கேள்வி நிச்சயம்: ‘ஒன்றுக்கு மேல் இருந்தால்?’ கார்லின் சின்ட்ரோம், PTCH1 ஜீன், பிளவுபட்ட விலா எலும்பு, தோலில் பேசல் செல் கார்சினோமா. இந்த நான்கும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

4. பரீட்சை வந்தாலே ஒரு மாணவிக்கு உதட்டின் உள்பக்கம் 4 மி.மீ. புண்கள். மஞ்சள் தரை, சுற்றிச் சிவப்பு வளையம். பத்து நாளில் தழும்பின்றி ஆறிவிடுகிறது. இதே அளவுப் புண்கள் எங்கே கொத்தாக இருந்தால் விடையை மாற்றுவீர்கள்?
அ) கன்னத்தின் உள்பக்கம் ஆ) நாக்கின் அடி இ) வாயின் தரை ஈ) கடின அண்ணம்

விடை: ஈ. இவருக்கு இருப்பது மைனர் ஆப்தஸ்; அது கெரட்டின் இல்லாத சவ்வில்தான் வரும். கடின அண்ணத்திலோ ஒட்டிய ஈறிலோ கொத்தாக வந்தால் ஹெர்பிஸை நினையுங்கள்.

5. கே.ஆர். மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மா, வயது 50. மாதக்கணக்காக வாய்ப்புண், இப்போது தோலிலும் தளர்ந்த கொப்புளங்கள். நேரடி இம்யூனோஃப்ளோரசன்ஸில் எபிதீலியத்தின் செல்களுக்கு நடுவே மீன்வலை போல IgG. தாக்கப்படும் புரதம்?

விடை: டெஸ்மோக்ளைன் 3. பெம்ஃபிகஸ் வல்காரிஸ். பிளவு அடிசெல்களுக்கு மேலே. பெம்ஃபிகாய்டில் எபிதீலியத்துக்குக் கீழே.

6. வெள்ளைத் திட்டு, ஒரு வரியில் விடை:
துணியால் துடைத்தால் வந்துவிடுகிறது: சூடோமெம்ப்ரனஸ் கேண்டிடியாசிஸ்.
கன்னத்தை இழுத்தால் மறைகிறது: லூக்கோஎடீமா.
இரு கன்னத்திலும் வலைப்பின்னல் கோடுகள்: லைக்கன் பிளானஸ்.
துடைத்தாலும் போகாது, வேறு எந்த நோயாகவும் சொல்ல முடியவில்லை: லூக்கோப்ளேக்கியா.

7. பீடியும் வெற்றிலை-புகையிலையும் பழக்கமுள்ள 58 வயது லோடுமேன். வாயின் தரையில் வெல்வெட் போலச் சிவந்த திட்டு. வலி இல்லை, உரசும் பல்லும் இல்லை. அடுத்து என்ன?
அ) பூஞ்சை மருந்து கொடுத்து ஒரு மாதம் கழித்துப் பார்ப்பது ஆ) வைட்டமின் இ) பயாப்ஸி ஈ) ஸ்டீராய்டு களிம்பு

விடை: இ. எரித்ரோப்ளேக்கியா. பயாப்ஸியில் பெரும்பாலும் கடும் டிஸ்ப்ளேசியாவோ, இன் சிட்டு கார்சினோமாவோ, ஏற்கெனவே பரவத் தொடங்கிய புற்றோதான் இருக்கும். ‘வலி இல்லை’ என்பதை ஆறுதலாக எடுத்து ‘அ’ போடுகிறவர்களுக்காகவே இந்தக் கேள்வி வருகிறது. வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தால், சிவந்த பகுதியும் மாதிரியில் வரும்படி எடுக்க வேண்டும்.