பொட்டல மேசை: பெட்டியை மூடும் முன்னும் வண்டி ஏற்றும் முன்னும் பார்க்க வேண்டியவை

கோத்தகிரிக் கிடங்கு. செல்வி அக்கா, மாதேஷ், ரஞ்சிதா, குமரன் ஆகிய நால்வருக்கும். வரும் திங்கட்கிழமை முதல் இதன்படிதான் வேலை. மேசைக்கு மேலே ஒரு பிரதி ஒட்டப்படும்.

ஏப்ரல், மே மாதப் புகார் நோட்டைச் சனிக்கிழமை உட்கார்ந்து படித்தேன். மொத்தம் 26 புகார்கள். அவற்றில் 11 பொருள் மாறிப்போனவை. 6 எண்ணிக்கை குறைந்தவை. 4 முகவரி மாறியவை. 3 உடைந்தோ கசிந்தோ போனவை. மீதி 2 கூரியர் தாமதம். அது நம் கையில் இல்லை, விட்டுவிடலாம்.

பொருள் மாறிய 11-இல் 8 ஒரே ஜோடி: 250 கிராம் தூள் தேயிலையும் 250 கிராம் இலைத் தேயிலையும். இரண்டுக்கும் ஒரே பச்சைப் பை, ஒரே படம், அடியில் சின்ன எழுத்தில் மட்டும் பெயர் வேறு. போதாததற்கு அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தோம். இதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை. பை அச்சடிக்கக் கொடுத்தவன் நான். இன்றோடு இலைத் தேயிலை எதிர்ச் சுவர் அலமாரிக்குப் போகிறது. ஒவ்வொரு இலைத் தேயிலைப் பையின் வலது மேல் மூலையிலும் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் இல்லாத இலைத் தேயிலை மேசைக்கு வரக்கூடாது. அடுத்த அச்சில் பையின் நிறத்தையே மாற்றிவிடுகிறேன்.

மேசைக்கு மூன்று கட்டுப்பாடுகள்

மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ஆர்டர்தான். முகவரி மாறிய நான்கு புகார்களும் உண்மையில் இரண்டே தவறுகள்: இரண்டு பெட்டிகள் அருகருகே திறந்திருந்தன, இவருடைய சீட்டு அவருடைய பெட்டியில் ஏறிவிட்டது. ஒரு கை தவறினால் இரண்டு வீடுகளில் கோபம். ஆகவே முகவரிச் சீட்டுகளை மொத்தமாக அச்சடித்து மேசையில் பரப்ப வேண்டாம். பெட்டி மூடிய பிறகு, அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்து ஒட்டுங்கள்.

பொருள் எடுக்கும்போது ஆர்டர் தாள் கையில் இருக்க வேண்டும். 'இது வழக்கமாக வாங்குகிறவர்தானே' என்று நினைவிலிருந்து எடுப்பது நம் பழைய வியாதி.

எடுத்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிடாதீர்கள், நான் உட்பட. போன் வந்தால் குமரன் எடுப்பார். பாதியில் எழுந்து போக நேர்ந்தால், திரும்பி வந்ததும் பெட்டியைக் காலி செய்துவிட்டு முதல் பொருளிலிருந்து தொடங்குங்கள். இரண்டு நிமிடம் வீணாகத்தான் செய்யும், வீணாகட்டும்.

எடுப்பவர் குறிக்க வேண்டியவை

ஒவ்வொரு ஆர்டர் தாளின் பின்பக்கத்திலும் இந்த வரிகள் அச்சாகியிருக்கும். பார்த்த பிறகு டிக் போடுங்கள். கடைசியில் உட்கார்ந்து வரிசையாகப் போட்ட டிக் எனக்குத் தெரியும்; பேனாவின் சாய்வு ஒரே மாதிரி இருக்கும்.

☐ பொருளின் பெயர், வகை, அளவு மூன்றும் தாளோடு ஒத்திருக்கின்றன. தேன் 250 கிராமா 500 கிராமா, தைலம் 50 மில்லியா 100 மில்லியா என்று தனியாகப் பார்த்தேன்.

☐ எண்ணிக்கை சரி. ஒன்றுக்கு மேல் கேட்ட பொருளுக்குத் தாளில் வட்டம் போட்டேன்.

☐ காலாவதித் தேதி பார்த்தேன். முதலில் காலாவதியாகும் பை முதலில் வெளியே போகிறது. இன்னும் இரண்டு மாதம்கூட இல்லாத பொருளைக் கேட்காமல் அனுப்பவில்லை.

☐ பையில் விலை, நிகர எடை, தயாரித்த மாதம், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் எல்லாம் அழியாமல் தெரிகின்றன. சாந்து பட்டது போல மை கலங்கிய பையை ஒதுக்கிவிட்டேன்.

☐ பையின் ஒட்டு பிரியவில்லை. கையால் அழுத்தியபோது காற்று சீறவில்லை.

☐ பாட்டில் மூடியை இறுக்கி, 10 விநாடி தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன்.

☐ வாடிக்கையாளர் எழுதிய குறிப்பு இருந்தால் படித்தேன். அன்பளிப்பாக அனுப்பச் சொன்னால் பில் உள்ளே வைக்கவில்லை.

கடைசி வரி சின்னதாகத் தெரியும். திருமணநாளுக்கு அனுப்பிய பெட்டியில் விலைச்சீட்டும் போய்ச் சேர்ந்த கதையை ரஞ்சிதா சொல்வாள்.

சரிபார்ப்பவர்: பெட்டியிலிருந்து தாளுக்கு

எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது. தன் கை எடுத்ததைத் தன் கண் சரி என்றுதான் சொல்லும். காலையில் செல்வி அக்காவும் மாதேஷும் எடுத்தால் ரஞ்சிதா சரிபார்ப்பார். மதியம் ரஞ்சிதா எடுத்தால் செல்வி அக்கா. ஆள் குறைந்த நாளில் எனக்குச் சொல்லுங்கள், நான் வந்து நிற்கிறேன்.

சரிபார்க்கும் முறைதான் இதில் முக்கியம். இதுவரை தாளைப் படித்து, 'தூள் தேயிலை இரண்டு' என்று சொல்லி, பெட்டிக்குள் எட்டிப் பார்த்துத் தலையசைத்தோம். காதில் 'தூள்' என்று விழுந்த பிறகு கண்ணுக்கு இலையும் தூளாகவே தெரியும். இனி தலைகீழாகச் செய்யப் போகிறோம். தாள் எடுத்தவர் கையில் இருக்கட்டும். சரிபார்ப்பவர் தாளைப் பார்க்காமல், பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து, பையில் அச்சாகியிருப்பதை உரக்கப் படிக்க வேண்டும்: 'இலைத் தேயிலை, 250 கிராம், சிவப்பு ஸ்டிக்கர்.' எடுத்தவர் தாளில் தேடி அடிக்கோடு போடுவார். பெட்டி காலியாகும்போது தாளில் கோடு இல்லாத வரி இருந்தால், பொருள் விடுபட்டிருக்கிறது. படித்த பொருள் தாளில் இல்லையென்றால், தவறான பொருள் ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சோதனைக்காக 12 பெட்டிகளை இப்படிப் பார்த்தோம். இரண்டு பெட்டிகள் மாட்டின. ஒன்றை எடுத்தவன் நான்.

பொருள்களைத் திரும்ப வைத்ததும், மேலே ஆர்டர் எண் தெரியும்படி தாளை வைத்து, கிடங்கு போனில் ஒரு படம் எடுங்கள். பை அட்டைகளின் பெயர் படத்தில் தெரிய வேண்டும். 'ஒன்று குறைந்தது' என்று யாராவது எழுதினால், வாதாடாமல் முதலில் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். படங்கள் மூன்று மாதம் இருக்கட்டும்.

தராசு

பெட்டியை மூடும் முன் எடை பார்க்க வேண்டும். பையோடு சேர்த்து எடை இது: 250 கிராம் தேயிலை 262, 500 கிராம் தேன் பாட்டில் 735, 100 மில்லி தைலம் 205, சின்னப் பெட்டி 140, திணிக்கும் காகிதம் சுமார் 40.

ஓர் உதாரணம். இரண்டு தேயிலை, ஒரு தைலம், சின்னப் பெட்டி: 524, 205, 140, 40. கூட்டினால் 909 கிராம். தராசு 647 காட்டினால் 262 குறைகிறது. எந்தப் பொருள் விடுபட்டது என்பதைத் தராசே சொல்லிவிட்டது. 25 கிராம் வரை வித்தியாசத்தை விடலாம். அதற்கு மேல் போனால் பெட்டியைத் திறங்கள். ஜூலையில் மூடுபனி உள்ளே புகுந்து அட்டை ஈரம் குடிக்கும், பெட்டியே கனக்கும். ஆகையால் வாரத்துக்கு ஒருமுறை காலிப் பெட்டியை நிறுத்துப் பார்த்து எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தராசை முழுவதும் நம்பிவிடவும் வேண்டாம். தூளும் இலையும் ஒரே எடை. எண்ணிக்கைத் தவறைத் தராசு பிடிக்கும். வகைத் தவறை வாய்விட்டுப் படிப்பதுதான் பிடிக்கும்.

எது எதோடு போகக் கூடாது

தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். நீலகிரித் தைலம் ஒரு சொட்டுக் கசிந்தாலும், மூடியிருக்கிற தேயிலைப் பைகூட மருந்துக் கடை மாதிரி மணக்கும். மதுரைக்குப் போன ஒரு பெட்டி அப்படித்தான் திரும்பி வந்தது. பையைப் பிரித்ததும் கிடங்கு முழுக்கத் தைல வாசம், உள்ளே நல்ல உறைபனிக்காலத் தேயிலை. இரண்டையும் ஒரே ஆர்டரில் கேட்டால் இரண்டு பெட்டி. கூடுதல் செலவு நம்முடையது. அப்போது மேலே சொன்ன கணக்கையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பூண்டுக்கும் இதே விதி.

தைலம் தீப்பற்றும் பொருள்; விமானத்தில் ஏற்றும் சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், தரைவழி மட்டும். பாட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும், சுற்றிலும் காகிதம் இறுக்கமாக இருக்க வேண்டும். பெட்டியை மூடிக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. மேட்டுப்பாளையம் வரை வளைவுகளில் வண்டி நமக்குப் பதிலாக அந்தக் குலுக்கலைச் செய்யப்போகிறது. ஞெகிழி உறை வேண்டாம். மாவட்டத் தடை ஒருபுறம் இருக்க, கசக்கிய காகிதமே பாட்டிலை நன்றாகப் பிடிக்கிறது.

சாக்லேட் நமக்கு இங்கே கல் மாதிரி இருக்கும், சமவெளி வெயிலில் இளகிவிடும். மார்ச் முதல் மே வரை வெள்ளி, சனியில் அனுப்ப வேண்டாம். ஞாயிறு முழுவதும் ஏதாவதொரு கொட்டகையில் கிடக்கும். ஆர்டர் செய்தவரிடம் 'திங்கட்கிழமை அனுப்புகிறோம்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் யாரும் கோபிப்பதில்லை.

மூடிய பிறகு

டேப் ஒட்டும் முன் அட்டையைத் துணியால் துடையுங்கள். ஈரப் பெட்டியில் ஒட்டிய டேப் வண்டி ஏறும் முன்பே ஓரம் தூக்குகிறது. நடுக்கோட்டிலும் இரு முனைகளிலும் ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முகவரிச் சீட்டின் மேல் ஒளி ஊடுருவும் டேப் ஒரு சுற்று, மழையில் எழுத்து கரையாமல் இருக்க. சீட்டில் உள்ள பெயரையும் அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று எண்களையும் ஆர்டர் தாளோடு ஒப்பிட்ட பிறகுதான், சரிபார்த்தவர் பெட்டியின் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுத வேண்டும்.

மதியம் 1 மணிக்குப் பின் வரும் ஆர்டர் அடுத்த நாள் கணக்கு. கூரியர் வண்டி 3.30-க்கு வரும், 3 மணிக்குள் பெட்டிகள் கதவருகே இருக்கட்டும். வண்டிக்காரர் அவசரப்படுத்தினால், சரிபார்க்காத பெட்டி நின்றுவிடட்டும். ஒரு நாள் தாமதத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். குமரன், ஏற்றும்போது பெட்டிகளை எண்ணி, அன்றைய ஆர்டர் தாள்களின் பெட்டிக் கணக்கோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள்.

தவறு போய்விட்டால்

யார் எடுத்தார்கள் என்ற கேள்வியோடு தொடங்க வேண்டாம். அன்றே மன்னிப்புக் கேட்டு, சரியான பொருளை நம் செலவில் அனுப்புங்கள்; 500 ரூபாய்க்குள் இருக்கும் தவறான பொருளைத் திருப்பிக் கேட்க வேண்டாம். புகார் நோட்டில் மூன்று வரி எழுதினால் போதும்: எது போக வேண்டியது, எது போனது, எந்த இடத்தில் நழுவியது. திங்கள் காலை தேநீர் நேரத்தில் அதை ஒருமுறை படிப்போம். ஒரே ஜோடி இரண்டு முறை வந்தால் அலமாரியை மாற்றுவோம், ஆளை அல்ல.

செல்வி அக்காவின் புதுக் கண்ணாடி வியாழக்கிழமை குன்னூரிலிருந்து வருகிறது. அதுவரை மதியச் சரிபார்ப்பில் பையின் சின்ன எழுத்தை மாதேஷ் படிப்பார், அக்கா தாளைப் பிடித்துக்கொள்வார்.