கொன்றைக்குளம்பட்டி அருள்மிகு முத்துமாரியம்மன் கோவில் வைகாசித் திருவிழா 2026: பத்து நாள் நிகழ்ச்சி நிரல்

அம்மன் துணை

புதுக்கோட்டை மாவட்டம், இலுப்பூர் வட்டம், கொன்றைக்குளம்பட்டி.

மெய்யன்புடையீர்,

நிகழும் பராபவ வருடம் வைகாசி 5 (19.05.2026) செவ்வாய் முதல் வைகாசி 14 (28.05.2026) வியாழன் வரை நமது ஊர் முத்துமாரியம்மனுக்குத் திருவிழா நடத்த, பூச்சாட்டி, ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டுள்ளது. வெளியூரில் பிழைக்கும் பிள்ளைகள், கட்டிக் கொடுத்த பெண்கள், மாமன் மச்சான் உறவுகள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து அம்மனைத் தரிசிக்க வேண்டுகிறோம். விழா முழுவதும் கத்திரி வெயிலுக்குள் வருகிறது. ஊர்வலங்களை அதிகாலையிலும் மாலையிலும் வைத்திருப்பது இதற்காகத்தான். குறித்த நேரத்துக்கு வந்து சேருங்கள்; தாமதமானால் அவ்வளவு கூட்டமும் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.

பூச்சொரிதல்: 17.05.2026 ஞாயிறு இரவு 7 மணி

தெருவாரியாகப் பூத்தட்டு எடுத்து வரவும். உதிரிப்பூ மட்டும் போதும். நாரில் கட்டிய சரமும் பிளாஸ்டிக் பையும் கருவறைக்குள் வேண்டாம். அம்மன் மேல் பூவைச் சொரியும்போது அவற்றைப் பிரித்தெடுப்பதிலேயே பூசாரிக்கு நேரம் போய்விடுகிறது.

முதல் நாள்: 19.05.2026 செவ்வாய்: கொடியேற்றம், காப்புக்கட்டு, முளைப்பாரி

காலை 6.00: எல்லைப் பிள்ளையாருக்கும் கருப்பருக்கும் பொங்கல்.
காலை 7.30 – 8.30: கொடியேற்றம். 9 மணிக்கு எமகண்டம் தொடங்குவதால் நேரம் தள்ளாது.
இரவு 8.00: அம்மனுக்கும் பூசாரிக்கும் காப்பு. அதன்பின் சட்டி, பால்குடம், பூக்குழி நேர்ந்தவர்களுக்குக் காப்பு.

மஞ்சள் கிழங்கு கோத்த மஞ்சள் கயிறு கோவிலிலேயே தரப்படும். காப்புக் கட்டியவர்கள் பத்தாம் நாள் அவிழ்க்கும்வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது, புலால் கூடாது, துக்க வீட்டுக்குப் போகக் கூடாது. வேலை நிமித்தம் பத்து நாளும் ஊரில் இருக்க முடியாதவர்கள் எட்டாம் நாள் காலை நாள் காப்புக் கட்டிக்கொள்ளலாம். அரைகுறையாக விரதம் இருப்பதைவிட அதுவே நல்லது.

இரவு 9.00: முளை போடுதல். முளைப்பாரி எடுக்கும் பெண்கள் கவனத்துக்கு:

தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு உள்ளிட்ட நவதானியங்களைச் செவ்வாய் காலையிலேயே ஊறப்போட்டு விடுங்கள். வண்டு விழுந்த பயறு, மருந்து கலந்த விதைப்பயறு இரண்டும் ஆகாது. மண் ஓட்டின் அடியில் விரல் நுழையும் ஓட்டை இருக்கட்டும். அதன்மேல் வைக்கோல், பிறகு சலித்த மணலும் ஆட்டெருத் தூளும் கலந்து மூன்று விரல்கடை உயரம். எரு பழையதாக இருக்க வேண்டும். புது எருவின் சூட்டில் முளை கருகிவிடும். பயற்றை நெருக்கமாகப் பரப்பி மேலே மெல்லிய மண் தூவினால் போதும்.

ஓடுகள் அனைத்தும் சாவடிக்குப் பக்கத்து முளைக்கொட்டகையில் இருட்டில் இருக்கும். காலை, மாலை இரு வேளையும் தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. சீக்கிரம் வளரட்டும் என்று ஊற்றிய ஓடுகள்தான் நாலாம் நாளில் அழுகி நாறும். பக்கத்து ஓடும் கெடும். கொட்டகைக் கதவை அடிக்கடி திறந்தால் வெளிச்சம் பட்டு முளை பச்சை கட்டிக் குட்டையாக நின்றுவிடும். தண்ணீர் தெளிக்கப் பொறுப்பேற்ற இரண்டு பெண்களைத் தவிர வேறு யாரும் உள்ளே போக வேண்டாம். அவரவர் ஓட்டில் பெயரைச் சுண்ணாம்பால் எழுதிவிடுங்கள். தினமும் இரவு 8 முதல் 9 வரை கொட்டகை வாசலில் கும்மி.

இரண்டாம் நாள்: 20.05.2026 புதன்

மாலை 6.00 அபிஷேகம், அலங்காரம். இரவு 7.30 சிம்ம வாகனத்தில் வீதியுலா. மண்டகப்படி: வடக்குத் தெரு. இரவு 8.30 ஒயிலாட்டம்.

மூன்றாம் நாள்: 21.05.2026 வியாழன்

மாலை 6.00 அபிஷேகம். இரவு 7.30 அன்ன வாகனம். மண்டகப்படி: கீழத்தெரு. இரவு 8.30 பள்ளிப் பிள்ளைகளின் கோலாட்டம்.

நான்காம் நாள்: 22.05.2026 வெள்ளி: 108 திருவிளக்குப் பூஜை

மாலை 5.30. கலந்துகொள்பவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் கொடுத்தால்தான் இடம் குறிக்க முடியும். விளக்கு, நல்லெண்ணெய் 100 மில்லி, திரி, வாழையிலை, கைமணி கொண்டு வரவும். குங்குமமும் பூவும் கோவிலில் தரப்படும். விளக்குக்கு விளக்கு இரண்டரை அடி இடைவெளியில் கோடு போட்டிருக்கும். கோட்டைத் தாண்டி நெருங்கி உட்கார வேண்டாம். பின்னால் இருப்பவர் விளக்கில் முந்தானை படுவது இப்படி நெருக்கி உட்காரும்போதுதான். பருத்திப் புடவை நல்லது. மேற்கூரை மின்விசிறிகள் பூஜை நேரத்தில் நிறுத்தப்படும்.

இரவு 8.00 காமதேனு வாகனம். மண்டகப்படி: மகளிர் குழுக்கள்.

ஐந்தாம் நாள்: 23.05.2026 சனி

மாலை 4.00 சிறுவர் ஓட்டம், சாக்கு ஓட்டம், உறியடி, இளைஞர்களுக்கு வழுக்குமரம். மரத்தடியைச் சுற்றி ஓரடி உயரத்துக்கு மணல் கொட்டப்படும். இடுப்பில் கைபேசி, சாவி, அரைஞாண் கயிற்றுத் தாயத்து எதையும் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. இரவு 7.30 ரிஷப வாகனம். மண்டகப்படி: தெற்குத் தெரு. இரவு 8.30 சிலம்பம், தப்பாட்டம்.

ஆறாம் நாள்: 24.05.2026 ஞாயிறு: பால்குடம், காவடி

காலை 5.30: பிள்ளையார்குளம் படித்துறையில் குடம் கட்டுதல்.
காலை 6.15: புறப்பாடு. 8 மணிக்குள் எல்லாக் குடமும் கோவிலுக்குள் வந்துவிட வேண்டும். அதற்குமேல் தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது. வழியில் தெருவுக்கு ஒரு இடத்தில் தண்ணீர் தெளிக்கப்படும்.

குடத்துக்கு ஒரு லிட்டர் காய்ச்சாத பால் போதும். முந்தின இரவு வாங்கி வைத்த பால் வெயிலில் திரிந்து அபிஷேகத்துக்கு ஆகாமல் போகும். அதனால் ஞாயிறு அதிகாலை 5 மணிக்குப் பால் சங்க வண்டி குளக்கரைக்கே வரும். வெறும் வயிற்றில் வருபவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், குழுவினரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். விரதத்தை இளநீர், பழத்தோடு அம்மன் ஏற்றுக்கொள்வாள். அலகு குத்துபவர்களுக்குப் புது வேல் மட்டும். ஒருவருக்குக் குத்தியது இன்னொருவருக்குக் கிடையாது.

காலை 9.00 மருத்துவ முகாம். மாலை 4.00 மாவுக்கோலப் போட்டி. இரவு 7.30 யாளி வாகனம். மண்டகப்படி: காலனித் தெரு. இரவு 8.30 கரகாட்டம். ஆபாசப் பாட்டோ ஆட்டமோ இருந்தால் அங்கேயே நிறுத்தப்படும் என்று கலைஞர்களிடம் பேசித்தான் முன்பணம் கொடுத்திருக்கிறோம். பார்ப்பவர்களும் பணத்தைக் குத்திவிடுவது, மேடையேறுவது கூடாது.

ஏழாம் நாள்: 25.05.2026 திங்கள்

இரவு 7.30 பூப்பல்லக்கு. மண்டகப்படி: வெளியூர் வாழ் இளைஞர்கள். இரவு 8.30 பட்டிமன்றம்: “குடும்ப ஒற்றுமைக்குப் பெரிதும் துணை நிற்பது பெரியவர்களின் அனுபவமா, இளையவர்களின் விட்டுக்கொடுத்தலா?”

எட்டாம் நாள்: 26.05.2026 செவ்வாய்: பொங்கல், மாவிளக்கு, பூக்குழி

காலை 6.00: கோவில் திடலில் பொங்கல். அடுப்புக்கு அடுப்பு ஆறடி இடைவெளி. விறகைப் பந்தலை ஒட்டி அடுக்க வேண்டாம்.
பகல் 11.00: மாவிளக்கு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்திலேயே இடிக்க வேண்டும். வெல்லம் கூடினால் மாவு இளகித் திரி சாய்ந்துவிடும். ஒரு படி மாவுக்கு அரைக்கிலோவுக்கு மேல் வேண்டாம்.
பகல் 12.30: அன்னதானம். 1,500 பேருக்கு 175 கிலோ அரிசி, 30 கிலோ துவரம்பருப்பு கணக்கிட்டிருக்கிறோம். ஊர் முழுக்க ஒரே பந்தி. வந்த வரிசைப்படி உட்காரவும். மீந்த சோற்றை இரவுக்கு வைக்க மாட்டோம்.
மாலை 4.45: குளக்கரையிலிருந்து கரகமும் அக்னிச்சட்டியும் புறப்படும்.
மாலை 5.30: பூக்குழி இறங்குதல்.

குழி 18 அடி நீளம், 6 அடி அகலம். வேலிக்கருவைக் கட்டை இரண்டு டன். காலை 9 மணிக்குத் தீ மூட்டினால் மாலை 4 மணிக்குள் கட்டை வெந்து கங்காகிவிடும். கொப்பு கொப்பாக நிற்கும் இடம் இல்லாமல் வாரியால் இழுத்துச் சமமாக்க வேண்டும். ஆணி அடித்த பழைய மரச்சாமான், பெயிண்ட் அடித்த பலகை எதையும் காணிக்கையாகக் குழியில் போடாதீர்கள். குழியின் முடிவில் பால் குழியும் அதைத் தாண்டி ஈர மணலும் இருக்கும்.

இறங்குபவர்கள் காப்புக் கட்டியவர்களாக இருக்க வேண்டும். வேட்டி, புடவை பருத்தியாக இருக்கட்டும், கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டவும். கொலுசு, மெட்டி கழற்றவும். குளித்த ஈரக்காலோடு இறங்கினால் கங்கு பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். குழியின் தலைப்பில் விரித்த காய்ந்த மணலில் மிதித்துவிட்டு இறங்குங்கள். ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவர். நடுவில் நிற்பதும் திரும்புவதும்தான் ஆபத்து. பயந்து ஓடினாலும் கால் கங்குக்குள் புதையும். சீரான நடையில் போனாலே போதும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க அனுமதி அறவே இல்லை. நேர்த்திக்கடன் இருந்தால் குழந்தையைக் குழியின் கரையில் வைத்துப் பூசாரியிடம் விபூதி வாங்கிக்கொள்ளலாம். தீயணைப்பு வண்டியும் 108 ஆம்புலன்சும் மேற்குப் பாதையில் நிற்கும். அந்தப் பாதையில் இருசக்கர வண்டி நிறுத்தினால் அப்புறப்படுத்தப்படும்.

ஒன்பதாம் நாள்: 27.05.2026 புதன்: தேரோட்டம்

காலை 10.30: அம்மன் தேருக்கு எழுந்தருளல் (ராகுகாலம் 12க்கு முன்). பகலில் நீர்மோர், பானகம்.
மாலை 4.00: வடம் பிடித்தல். வடக்குத் தெரு, கீழத்தெரு, காலனித் தெரு, தெற்குத் தெரு வழியாக 6.30க்குள் நிலை.

அலங்காரத்தோடு சேர்த்துத் தேர் 22 அடி. அதற்குமேல் ஒரு கொடிக்கம்பு, ஒரு வாழைமரம்கூடக் கட்டக் கூடாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் சப்பரம் மின்கம்பியில் உரசி 11 பேர் போனதை யாரும் மறக்கவில்லை. மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மாலை 3.30 முதல் தேர் நிலைக்கு வரும்வரை நான்கு தெருவுக்கும் மின்சாரம் நிறுத்தப்படும். அந்த நேரத்தில் வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டர் ஓட்டினால் அந்த மின்சாரம் கம்பியில் திரும்ப ஏறும் அபாயம் உண்டு, ஓட்ட வேண்டாம். கேபிள் கம்பிகளை அந்தந்த வீட்டார் காலையிலேயே தூக்கிக் கட்டிவிடவும்.

வடம் இரண்டு, ஒவ்வொன்றும் 120 அடி. ஆண்களுக்கு வலது வடம், பெண்களுக்கு இடது வடம். இரு வடத்துக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. முட்டுக்கட்டை போடும் எட்டுப் பேர் மஞ்சள் துண்டு கட்டியிருப்பார்கள். அவர்கள் விசில் கேட்டதும் வடத்தை விட்டுவிடாமல் இழுப்பை மட்டும் நிறுத்துங்கள். கட்டையைச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நின்று நீளக் கைப்பிடியால் போட வேண்டும். எதிரில் குனிந்து போடும் பழக்கம் இந்த ஆண்டு முதல் இல்லை. கீழத்தெரு முக்கில் தேர் திரும்பும்போது சக்கரத்தின் கீழ் கிரீஸ் தடவிய இரும்புத் தகடு வைக்கப்படும். தேர் வழுக்கிப் பக்கவாட்டில் நகரும் இடம் அது. அந்த முக்கிலுள்ள திண்ணைகளில் அரை மணி நேரம் யாரும் உட்கார வேண்டாம்.

இரவு 8.00: முளைப்பாரி கொட்டகையிலிருந்து கோவிலுக்கு வருதல், கும்மி.

பத்தாம் நாள்: 28.05.2026 வியாழன்: மஞ்சள் நீராட்டு

காலை 9.00: மஞ்சள் நீராட்டு. மஞ்சள் தூளும் வேப்பிலையும் மட்டும். சாயப்பொடி, முட்டை, சாணிக் கரைசல் கூடாது. பேருந்தையும் வழிப்போக்கரையும் விட்டுவிடுங்கள்.
பகல் 12.00: காப்பு அவிழ்த்தல்.
மாலை 4.00: முளைப்பாரி கரைத்தல். கோடையில் பிள்ளையார்குளத்தில் தண்ணீர் குறைந்து நடுவில் சேறு இருக்கும். மூன்றாம் படியிலேயே கரைக்கவும். ஓடுகளைக் குளத்தில் போடாமல் கரையில் அடுக்கவும்.
மாலை 6.15: கொடியிறக்கம்.
மாலை 6.30: வள்ளி முருகன் திருமணக் கதை இசை நாடகம். இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லாததால் விடிய விடிய நடக்கும் நாடகத்தைச் சுருக்கி முன்னேரத்திலேயே வைத்துள்ளோம்.

வரி, பொது விவரம்

தலைக்கட்டு வரி ரூ. 2,000. கணவனை இழந்து தனியாக வாழும் பெண்கள் வீட்டுக்கு வரி இல்லை. மே 10க்குள் கோவில் அலுவலகத்தில் கட்டி முத்திரையிட்ட ரசீது வாங்கவும். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். வாகனங்களைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தவும். கூம்பு ஒலிபெருக்கி கட்டப்படாது. தங்க நகையைக் குழந்தைகளுக்குப் போட்டு அனுப்பாதீர்கள். குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோர் கைபேசி எண் எழுதிய சீட்டு வையுங்கள். காணாமற்போன குழந்தை, பொருள் பற்றிய தகவல் சாவடியில்.

வரவு செலவுக் கணக்கு ஜூன் 7 ஞாயிறு காலை 10 மணிக்கு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, கோவில் சுவரில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
விழாக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
கொன்றைக்குளம்பட்டி.