நீல அட்டைக் கொப்பியிலிருந்து ஒரு நிறுவனம்

இந்த வாரம் எங்கள் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. பெயர் 'கொப்பி'. புறக்கோட்டை மொத்த வியாபாரிகள் கடனுக்குக் கொடுத்த சரக்கின் கணக்கைத் தமிழிலும் சிங்களத்திலும் வைத்துக்கொள்வதற்கான செயலி இது. வாழ்த்துச் சொன்ன பலரும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். அப்பாவின் கடையிலிருந்துதான் வந்தது.

நான்காம் குறுக்குத் தெருவில் அவருக்குப் பருப்பு, பெரிய வெங்காயம், செத்தல் மிளகாய் வியாபாரம். அட்டன், பண்டாரவளை, வவுனியா என்று வெளியூர்க் கடைகளுக்கு இரவு லொறியில் சரக்கு போகும். பணம் முப்பது, நாற்பத்தைந்து நாள் கழித்து வரும். சிலர் பின்திகதியிட்ட காசோலை கொடுப்பார்கள். பலரிடம் வாய்வார்த்தை மட்டும்தான். அத்தனையையும் நீல அட்டை போட்ட நீளக் கொப்பியில் எங்கள் கணக்கப்பிள்ளை எழுதிவைப்பார். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதே அவருடைய கையெழுத்தில்தான்.

2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். அதுவரை 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவுக்குப் போய்விட்டது. பெப்ரவரியில் கடனுக்குக் கொடுத்த நூறு மூட்டைப் பருப்பின் பணம் ஏப்ரலில் ஒரு சதமும் குறையாமல் வந்து சேர்ந்தது. அந்தப் பணத்துக்கு அறுபது மூட்டைகூட வாங்க முடியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, கூட்டலிலும் பிழையில்லை. ஆனாலும் கடையின் முதல் கரைந்துகொண்டிருந்தது. "மொத்தமாக எவ்வளவு வெளியே நிற்கிறது அப்பா?" என்று கேட்டேன். அவரால் உடனே சொல்ல முடியவில்லை. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. டோர்ச் வெளிச்சத்தில் கணக்கப்பிள்ளை வாசிக்க வாசிக்க, மடிக்கணினியில் பற்றரி தீரும்வரை நான் தட்டினேன். விடை கிடைக்க மூன்று இரவுகள் பிடித்தன.

வேலையை விட்டேன். கூட வேலை செய்த சிங்களத் தோழி ஒருவரும் என்னோடு வந்தார். முதல் செயலி ஐந்து மாதத்தில் தயாரானது. அதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, தவணை தவறினால் கடன்காரருக்குத் தானாகவே குறுஞ்செய்தி போவது.

அந்தக் குறுஞ்செய்தி எங்களுக்கு ஒரு வாடிக்கையாளரை இழக்கவைத்தது. அட்டனில் இருபத்திரண்டு வருடமாக அப்பாவிடம் சரக்கு எடுத்தவர். 'தவணை இரண்டு நாள் தாண்டிவிட்டது' என்ற செய்தி கிடைத்த மறுநாளே முழுத் தொகையையும் அனுப்பினார். அதன் பிறகு மூன்று மாதம் அவரிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை. அப்பாவும் நானும் மலையக ரயிலில் ஏறி அவரைப் பார்க்கப் போனோம். கோபமாக அவர் எதுவும் பேசவில்லை. தேநீர் கொடுத்துவிட்டு, மேசை லாச்சியிலிருந்து தன்னுடைய கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்தார். பக்கம் பக்கமாகத் தோட்டக் குடும்பங்களின் பெயர்கள்: அரிசி, மா, சீனி, பிள்ளைக்குப் பால்மா. சம்பளம் போட்டால்தான் அவருக்குக் காசு; அவருக்கு வந்தால்தான் எங்களுக்கு.

திரும்பி வந்து கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். "காசு கேட்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது, பிள்ளை. தோட்டத்தில் சம்பளம் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் நான் அட்டனுக்கு அழைப்பேன்" என்றார். அதை அவர் எந்தக் கொப்பியிலும் எழுதிவைத்ததில்லை. எங்கள் செயலிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

தானியங்கிக் குறுஞ்செய்தியை அன்றே நீக்கினோம். இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தவணை நாளோடு 'கேட்கும் நாள்' என்ற ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைக்காரரே குறிக்கிறார். அந்த நாள் வந்ததும் செயலி அவருக்கு மட்டும் நினைவூட்டும். தொலைபேசியை எடுத்துப் பேசுவது மனிதர். நிலுவையில் நிற்கும் பணத்துக்கு இன்றைய விலையில் எத்தனை மூட்டை வாங்கலாம் என்பதும் பக்கத்திலேயே தெரியும். தமிழில் போட்ட பற்றுச்சீட்டு லொறிச் சாரதிக்குச் சிங்களத்தில் வரும். அந்தப் பகுதி முழுவதும் தோழியின் உழைப்பு.

கடன் கேட்டுப் போன வங்கியில் காணி உறுதி கேட்டார்கள், எங்களிடம் இருக்கவில்லை. இருவருடைய சேமிப்பிலும்தான் இதுவரை வந்திருக்கிறோம். இன்று பதினான்கு கடைகள் மாதம் 1,500 ரூபா கட்டிப் பயன்படுத்துகின்றன. அட்டன்காரர் மறுபடியும் அப்பாவிடம் சரக்கு எடுக்கிறார். தன் கடைக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அடுத்து அதைத்தான் செய்யப்போகிறோம்.

அதற்குத் தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த, மலையகக் கடைகளில் நாள்கணக்காக உட்கார்ந்து பார்க்கப் பொறுமையுள்ள ஒரு மென்பொருள் பொறியியலாளர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் எனக்கு நேரடியாக எழுதுங்கள். புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை பிற்பகலில் அப்பாவின் கடைக்கு வந்தால் செயலியைக் காட்டுகிறேன். வரும்போது உங்கள் கணக்கப்பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.