வணக்கம்ணா, திருப்பூர்ல இருந்து எழுதறேன்

அண்ணா வணக்கம், என் பேரு கார்த்தி. நீங்க என்னைப் பாத்ததில்ல, ஆனா ஜாப் ஒர்க் கணக்கு பாக்கற உங்க ஆப்பை நான் நல்லா நோண்டியாச்சு. எங்க சித்தப்பா சொந்தமா டி-ஷர்ட் தயாரிக்கறாரு, சின்ன யூனிட்தான், கட்டிங்கும் ஸ்டிச்சிங்கும் மட்டும் உள்ள, மத்ததெல்லாம் வெளிய குடுத்து வாங்கற ஜாப் ஒர்க். உங்க ஆள் ஒருத்தர் வந்து டெமோ காட்டி ட்ரையல் லாகின் குடுத்துட்டுப் போனாரு, சித்தப்பா அதைத் தொடவே இல்ல, அவருக்கு நோட்டுதான் தெய்வம், அதனால நான் உக்காந்து துணி அனுப்பும்போது போடற டெலிவரி சலான், அந்த நிஜ டிசியெல்லாம் ஏத்திப் பாத்தேன்.

நல்லாருக்குணா, அதுல சந்தேகமே இல்ல. டிசியை போட்டோ எடுத்து அங்கயே ஒட்டி வெக்கறது செம ஐடியா. ஆனா ரெண்டு எடத்துல நம்ம ஊரு வேலை உள்ள உக்கார மாட்டேங்குது. ஒண்ணு, நூறு கிலோ துணி டையிங் போய் தொண்ணூத்தஞ்சா வந்தா மீதி அஞ்சை உங்க ஆப் பாக்கினு காட்டுது, அது ப்ராசஸ் லாஸ்ணா, திரும்பி வராது. ஜாப் ஒர்க்குக்கான ஜிஎஸ்டி ஐடிசி-04 ஃபார்ம்லயே லாஸ் அண்ட் வேஸ்ட்னு தனி கட்டம் இருக்கு, நீங்களும் அப்படி ஒண்ணு வெச்சுட்டா வருஷக் கடைசில ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்து கூட்டிக் கழிக்கற வேலை மிச்சம். இன்னொண்ணு, நிட்டிங்ல இருந்து துணி நேரா டையிங்குக்கே போயிரும், நம்ம குடோனுக்கு வர்றதே இல்ல, ஆனா உங்க ஆப் துணி உள்ள வந்துச்சுனு இன்வர்ட் போடாம அடுத்த டிசிக்கு விடமாட்டேங்குது, அப்புறம் எல்லாரும் பொய் என்ட்ரிதான் போடுவாங்க.

என்னைப் பத்தி சொல்லணும்னா, பி.காம் முடிச்சுட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஸ்டோர்ஸ் பாத்தேன், ராத்திரில ஃப்ளட்டர் கத்துக்கிட்டேன். இப்போ ரெண்டு யூனிட்டுக்கு பீஸ் ரேட் கணக்கு ஆப் பண்ணிக் குடுத்திருக்கேன், நெட் இல்லாட்டியும் ஓடும், சனிக்கிழமை சம்பளம் அதுலதான் போடறாங்க. பெருசா சொல்ற மாதிரி டிசைன் இல்ல, பாத்தா நீங்களே சிரிப்பீங்க, ஆனா டெய்லருங்க திட்டல. சர்வர் பக்கம் எனக்கு கொஞ்சம் வீக்தான், எஸ்க்யூஎல் எழுதுவேன், அதுக்கு மேல கத்துக்கணும்.

உங்ககிட்ட வேலை பாக்கணும்னு ஆசைணா. நேரா வேலை குடுங்கனு கேக்கல, அந்த ப்ராசஸ் லாஸ் மேட்டரை மட்டும் எங்கிட்ட விடுங்க, ஒரு மாசம், சின்னதா ஒரு தொகை பேசிக்கலாம், சும்மா பண்ணித் தரேன்னு சொன்னா உங்களுக்கும் கேக்க சங்கடம் எனக்கும் சங்கடம். கூடவே நாலஞ்சு யூனிட் ஓனருங்ககிட்ட கூட்டிட்டுப் போறேன், அவங்க டிசி புக்கை தெறந்து காட்டற அளவுக்குப் பழக்கம் இருக்கு.

ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, கோயமுத்தூர் வரச் சொன்னாலும் வந்தர்றேன். பீஸ் ரேட் ஆப்போட ஸ்க்ரீன் ரெக்கார்டிங் கீழ போட்டிருக்கேன், ரெண்டு நிமிஷம்தான், சவுண்ட் கம்மி பண்ணிக்குங்க, பின்னால ஓவர்லாக் மெஷின் ஓடுது.