திருத்திய கட்டுரையுடன் மதிப்பீட்டாளர்களுக்கான பதில்

கட்டுரை: உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இரு மதிப்பீட்டாளர்களும் கட்டுரையை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். இருவருக்கும் என் நன்றி. திருத்திய இடங்களுக்கு அடிக்கோடிட்டிருக்கிறேன்.

மதிப்பீட்டாளர் 1

கருத்து 1: வாரிய உறுப்பினருக்கான வயது வரம்பில் இரு கல்வெட்டுகளும் கலந்துவிட்டன.

பதில்: உண்மை, என் பிழைதான். முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் (கி.பி. 919) 30 முதல் 60; 14ஆம் ஆண்டுக் கல்வெட்டில் (921) 35 முதல் 70. இரண்டையும் பிரித்து எழுதிவிட்டேன். அப்புறம், இரண்டே ஆண்டில் வரம்பை ஏன் உயர்த்தினார்கள் என்ற கேள்வியையும் ஒரு பத்தியில் எழுப்பியிருக்கிறேன். இந்தக் கருத்து வராமலிருந்தால் அது எனக்குத் தோன்றியே இருக்காது.

கருத்து 2: எழுத்துப்பிழைகள்.

பதில்: சரிசெய்துவிட்டேன்.

மதிப்பீட்டாளர் 2

கருத்து 1 (முதன்மை): குடவோலை முறையை 'மக்களாட்சித் தேர்தல்' என்றே அழைக்க வேண்டும், தலைப்பையும் முடிவுரையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். ஏதென்ஸிலும் குலுக்கல்தான் இருந்தது. அதை மக்களாட்சி என்கிறோமே.

பதில்: இந்தக் கருத்தை மட்டும் ஏற்க இயலவில்லை; பொறுத்தருள வேண்டும். ஏதென்ஸ் பற்றிச் சொன்னது சரி. குலுக்கல் என்பதாலேயே மக்களாட்சி இல்லை என்று எழுதியிருந்த வாக்கியத்தை நீக்கிவிட்டேன். என் தயக்கம் குலுக்கலில் இல்லை, குடத்துக்குள் யார் பெயர் போனது என்பதில் இருக்கிறது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். கூடுதலாக ஓதியவருக்கு அரைக்கால் வேலி போதும் என்ற சலுகையும் ஓதியவருக்கே. இது பிரமதேயச் சபை. ஏரியில் மண் அள்ளியவர், மடை திறந்தவர், அந்தத் தண்ணீரில் நாற்று நட்ட பெண் ஆகியோரின் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. ஏரியைப் பற்றிய கட்டுரையில் அவர்களை மறைக்கும் ஒரு சொல்லைத் தலைப்பாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மதிப்பீட்டாளரின் அக்கறை நியாயமானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கியது, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தது, பதவியை 360 நாளோடு முடித்தது ஆகியவை அதிகாரம் ஒரே கையில் தேங்காமலிருக்கச் செய்த ஏற்பாடுகள். முன்பு இவற்றை ஓரிரு வரியில் கடந்துபோயிருந்தேன். இப்போது மூன்றாம் பகுதியில் விரித்திருக்கிறேன். 'வரையறுத்த தகுதியுடையோரிடையே குலுக்கல்' என்ற என் தொடர் அப்படியே இருக்கிறது.

கருத்து 2: வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பாடத்தை நேரில் சரிபார்த்தீர்களா?

பதில்: ஆம். வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் பார்த்தேன். கிரந்த எழுத்து கலந்த இரண்டு இடங்களில் என் வாசிப்பைத் திருத்தி, நிழற்படமும் இணைத்திருக்கிறேன்.

முதன்மைக் கருத்தில் தங்கள் முடிவு வேறாக இருந்தால், மதிப்பீட்டாளரின் மறுப்பை என் கட்டுரையுடனேயே வெளியிடலாம். எனக்கு முழுச் சம்மதம்.

நன்றியுடன்,
கட்டுரையாசிரியர்