அடுத்த சீசன் பை: வாங்குகிறவர்கள் கேட்டதும் நாம் தைக்க வேண்டியதும்

அண்ணா, மாஸ்டர், பர்ச்சேஸ் பார்க்கும் தம்பி, மூன்று பேரும் முழுசாகப் படியுங்கள். ஜூன் சீசனில் நமக்குத் திரும்பி வந்த 31 பையையும் ஷெட்டில் தரையில் பரப்பிப் பார்த்தேன். 17 பையில் தோள்பட்டை சேருகிற இடம் பிய்ந்திருக்கிறது, 9 பையில் ஜிப் போயிருக்கிறது, 2 வேறு ஏதோ. துணி கிழிந்தது வெறும் 3. நாமோ, துணி கெட்டியாக இருந்தால்தான் பை நிற்கும் என்று அண்ணா சொல்வதை வைத்து, வருஷா வருஷம் துணியைத்தான் கெட்டியாக்கிக்கொண்டு வருகிறோம்.

அதனால் இந்த முறை மாடலை வரைவதற்கு முன்னால் ஹவுஸ் ஆஃப் குவாலிட்டி போட்டுப் பார்த்தேன். 1972-ல் ஜப்பானில் கோபே கப்பல் கட்டும் தளத்தில் பயன்படுத்திய முறை இது, பைக்கு இவ்வளவு எதற்கு என்று அண்ணா கேட்பார், தெரியும். ஒரு பெரிய சார்ட் பேப்பரும் ஸ்கேலும்தான் செலவு. இடது பக்கம் வாங்குகிறவர் கேட்பது, மேலே நாம் அளக்கக்கூடியது, நடுவில் இரண்டுக்கும் உள்ள உறவு. உறவு பலமானால் 9, நடுத்தரம் 3, லேசாக இருந்தால் 1, இல்லையென்றால் காலி.

கேட்பதைச் சேகரித்ததுதான் கஷ்டம். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமுள்ள இரண்டு கடை, காவேரிப்பட்டணத்தில் ஒன்று, பர்கூரில் ஒன்று என்று நான்கு நாள் உட்கார்ந்தேன். முதலில் எல்லோரும் சொன்னது "தரமா இருந்தா போதும்". அதை வைத்து ஒரு தையல்கூடப் போட முடியாது. போன வருஷப் பை எப்படிப் போச்சு என்று மாற்றிக் கேட்டதும்தான் விஷயம் வந்தது. பர்கூரில் ஒரு அம்மா, "ஒத்தத் தோள்ல மாட்டிக்கிட்டு டவுன் பஸ்ஸுல இடிச்சுக்கிட்டு ஏறுவான், அங்கதான் பிய்யும்" என்றார். இன்னொருவர் ஐப்பசி மழையில் நோட்டு நனைந்து இங்க் ஊறியதைச் சொன்னார். தண்ணி பாட்டில் விழுந்துகொண்டே இருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லோரும் பிள்ளைகள், பெற்றோர் ஒருவர்கூட இல்லை.

சொன்னவர்களிடமே எது முக்கியம் என்று 5-க்கு மார்க் போடச் சொன்னேன், அதுதான் இரண்டாவது கட்டம். விலையைப் பட்டியலில் சேர்க்கவில்லை, கடைக்கு 480 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்பது நமக்கே தெரிந்த எல்லை.

| கேட்பது | மார்க் | தையல் அடர்த்தி | ஜிப் | பட்டை மூட்டு பலம் | பட்டை அகலம், ஃபோம் | கோட்டிங் | காலிப் பை எடை | டினியர் | பக்கப் பாக்கெட் |
|---|---|---|---|---|---|---|---|---|---|
| ஒரு வருஷம் பிய்யக்கூடாது | 5 | 9 | | 9 | 1 | | | 3 | |
| ஜிப் சிக்கக்கூடாது | 5 | 1 | 9 | | | | | | |
| மழையில் நனையக்கூடாது | 4 | 3 | 3 | | | 9 | | | |
| தோள் வலிக்கக்கூடாது | 4 | | | | 9 | | 3 | | |
| லேசாக இருக்கணும் | 3 | | | | 1 | 1 | 9 | 3 | |
| பாட்டில் விழக்கூடாது | 2 | | | | | | | | 9 |
| கூட்டு | | 62 | 57 | 45 | 44 | 39 | 39 | 24 | 18 |

கணக்கு சுலபம். மார்க்கை உறவு எண்ணால் பெருக்கி, கட்டத்தை மேலிருந்து கீழே கூட்டியது. தையலுக்கு 5×9 + 5×1 + 4×3 = 62.

இரண்டு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். முதல் சார்ட்டில் பக்கப் பாக்கெட் என்ற கட்டமே இல்லை, பாட்டில் வரிசை முழுக்கக் காலியாக நின்றது. காலி வரிசை என்றால் அவர்கள் கேட்டது ஒன்று, அதற்கு நாம் அளப்பது எதுவுமில்லை என்று அர்த்தம். இரண்டாவது, டினியரையும் கோட்டிங்கையும் "துணி" என்று ஒரே கட்டமாகப் போட்டிருந்தேன், 60 வந்து தையலுக்கு அடுத்து நின்றது. பார்த்தால் அண்ணா சொன்னதே சரி என்று தோன்றும். பிரித்ததும்தான் தெரிந்தது, மழையை நிறுத்துவது உள்பக்கக் கோட்டிங், டினியர் இல்லை. 900 டினியர் துணி கனமாக இருப்பதால் தொட்டால் நல்லதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். டினியர் தனியாக 24.

அப்புறம் கூரை. மேல் கட்டங்கள் ஒன்றோடொன்று எப்படி இடிக்கும் என்பது அங்கே வரும், மாஸ்டர் கட்டாயம் பார்க்க வேண்டியது இதுதான். தையல் அடர்த்தியைக் கூட்டினால் மூட்டு பலமாகும், நல்லது. ஆனால் ஒவ்வொரு ஊசித் துளையும் மழைக்கு ஒரு வழி, அதுமட்டுமில்லாமல் ஒரு அளவுக்கு மேல் நெருக்கித் தைத்தால் துணி தபால்தலை ஓரம்போலத் துளைவரிசையில் கிழியும். அதனால் "எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது" கிடையாது. ஃபோம் தடித்தால் தோளுக்குச் சுகம், எடை ஏறும். எடை சும்மா இல்லை. 2020 பள்ளிப்பை கொள்கைப்படி பிள்ளையின் எடையில் 10 சதவீதத்துக்குமேல் பை இருக்கக்கூடாது. 30 கிலோ பிள்ளைக்கு எல்லாம் சேர்த்து 3 கிலோ, அதில் நம் காலிப் பையே இப்போது 780 கிராம், கால்வாசி!

இதிலிருந்து நான் எடுத்த அளவுகள்:

தையல் இப்போது அங்குலத்துக்கு 5, இனி 7. பாடிக்கு 16-ம் நம்பர் ஊசி, பட்டை மூட்டுக்கு மட்டும் 18. மூட்டில் பெட்டித் தையலும் குறுக்குத் தையலும், அதன்மேல் இரண்டு பார்டேக். சோதனை: ஒற்றைப் பட்டையில் 25 கிலோ அரிசி மூட்டையைப் பத்து நிமிஷம் தொங்கவிட்டு இறக்கி, மறுபடி ஏற்றி, ஐந்து முறை. ஒரு நூல் விட்டாலும் அந்தச் சாம்பிள் தள்ளுபடி.

ஜிப் பெரிய அறைக்கு 8-ம் நம்பர், இப்போது போடும் 5 வேண்டாம். ஒரு பிள்ளை நாளுக்குப் பத்து முறை திறந்து மூடினால், சுமார் 210 பள்ளி நாளுக்கு 2,100 முறை. அந்த எண்ணிக்கைவரை கையால் இழுத்துப் பார்க்க ஷிஃப்டில் ஓய்வாக இருக்கிற ஒருவரை உட்கார வையுங்கள். ஜிப்புக்கு மேலே மழை மடிப்பு 2.5 செ.மீ.

துணி 600 டினியர், கோட்டிங் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். உள்ளே நியூஸ்பேப்பர் வைத்து, பூவாளியில் பத்து நிமிஷம் தண்ணீர் ஊற்றி, பேப்பர் காய்ந்தபடி வெளியே வர வேண்டும். தையல் ஓரத்தில் ஈரம் வந்தால் பைப்பிங்கை மாற்றுவோம், தையலைக் குறைக்க மாட்டோம்.

பட்டை அகலம் 6 செ.மீ, ஃபோம் 10 மி.மீ. பக்கப் பாக்கெட் ஆழம் 18 செ.மீ, வாய்க்கு எலாஸ்டிக். காலிப் பை 650 கிராமுக்குள்.

செலவு: கூடுதல் நூலும் நேரமும் 4 ரூபாய், ஜிப் 9, ஃபோம் 6. 900-லிருந்து 600 டினியருக்கு இறங்குவதில் 14 மிச்சம். பைக்கு 5 ரூபாய் ஏறுகிறது, 480-க்குள் அடங்கும். துணி விஷயத்தில் அண்ணா மனசு மாறவில்லை என்றால் இந்த 14 ரூபாய் எங்கிருந்து வரும் என்று எனக்குச் சொல்லுங்கள்.

மாஸ்டர், செவ்வாய்க்கிழமைக்குள் 10 சாம்பிள் வேண்டும். நூலும் ஜிப்பும் தம்பி சனிக்கிழமையே வாங்கி வைக்கட்டும். அரிசி மூட்டையை நான் வீட்டிலிருந்து கொண்டு வருகிறேன்.